பதினைந்து லட்சம் எத்தனை ஆண்டு வரும்?

என் அக்காவின் கணவர் பாம்பனில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்தவர். மகன்களில் ஒருவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். இன்னொருவன் பிறர் படகில் பங்குக்குப் போகிறான். அறுபத்திரண்டு வயதில் இனிக் கடலுக்குப் போக உடம்பு இடம் தராது என்று ஆனபோது மச்சான் படகை விற்றார். மீன் வியாபாரியிடம் வாங்கியிருந்த முன்பணத்தையும் எஞ்சின் வேலைக்கு வாங்கிய கடனையும் தீர்த்தது போக, 15 லட்சம் ரூபாய் கையில் நின்றது. நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தப் பணத்தை வைத்து மாதாமாதம் எவ்வளவு எடுத்தால் எத்தனை காலம் ஓடும் என்று கணக்குப் போட்டுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மச்சான் மனத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. மாதம் 15,000 ரூபாய் எடுத்தால் 15 லட்சம் நூறு மாதம் வரும், அதாவது எட்டு ஆண்டு நான்கு மாதம்; வட்டியும் சேர்வதால் இன்னும் "கொஞ்சம் கூட" வரும் என்பது அவர் கணிப்பு. பக்கத்து வீட்டுக்காரரோ, வட்டி வந்துகொண்டே இருக்கும்போது பணம் எப்படித் தீரும் என்று கேட்டு, சாகும்வரை கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் நடுவில் எங்கே என்பதுதான் கேள்வி. எடுக்கும் தொகையில் ஓரிரு ஆயிரம் மாறினாலே அந்த இடம் பல ஆண்டுகள் தள்ளிப் போகும்.

கணக்குக்காக ஆண்டு வட்டியை 7.2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் கடற்கரையில் வட்டியை ஆண்டுக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்றுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சுப்படி இது அறுபது காசு வட்டி. 15 லட்சத்துக்கு அறுபது காசு வட்டியென்றால் மாதம் 9,000 ரூபாய். ஆகவே மாதம் 9,000 மட்டும் எடுத்தால் முதல் அப்படியே நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அந்த ஒரு நிலைக்கு மட்டும் பொருந்தும். 9,000க்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் இருந்து வருகிறது. முதல் குறைந்தால் அடுத்த மாத வட்டி குறையும். வட்டி குறைந்தால் முதலிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டி வரும்.

மாதம் 12,000 எடுப்பதாக வைத்துக்கொண்டு முதல் மூன்று மாதங்களை மச்சான் முன்னால் தாளில் எழுதிக் காட்டினேன். முதல் மாதம் வட்டி 9,000, எடுப்பது 12,000, முதலில் குறைவது 3,000. மிச்சம் 14,97,000. இரண்டாம் மாதம் வட்டி 8,982. முதலில் குறைவது 3,018. மூன்றாம் மாதம் குறைவது 3,036. மாதத்துக்குப் பதினெட்டு ரூபாய்தானே கூடுகிறது என்று மச்சான் சிரித்தார். அந்தப் பதினெட்டைத்தான் கவனிக்க வேண்டும். 3,000 என்பது 3,018 ஆனது அதே அறுபது காசு வட்டியில்தான். அதாவது முதலைக் கரைக்கும் தொகை, கடன் வளர்வதுபோலக் கூட்டு வட்டியில் வளர்கிறது.

இதை இன்னொரு வகையில் பார்த்தால் கணக்கு முழுவதும் கைக்குள் வந்துவிடும். மச்சானுக்கும் அக்காவுக்கும் உறைத்தது இந்த வகைதான். மாதம் 12,000 ரூபாய் காலமெல்லாம் வட்டியாகவே வர வேண்டுமானால் எவ்வளவு முதல் வேண்டும்? அறுபது காசு வட்டிக்கு 20 லட்சம் வேண்டும். நம்மிடம் இருப்பது 15 லட்சம். துண்டு விழுவது 5 லட்சம். இந்த 5 லட்சத்தை யாரிடமோ அதே வட்டிக்குக் கடன் வாங்கி, முதலும் வட்டியும் கட்டாமல் விட்டுவைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். கடன் ஏறிக்கொண்டே போய் 20 லட்சத்தைத் தொடும் நாளில் நம் கையில் இருப்பது சுழியம் ஆகும். இது வெறும் உவமை இல்லை; எந்த மாதத்திலும் நம்மிடம் இருக்கும் மிச்சம், 20 லட்சத்திலிருந்து அந்தக் கடனைக் கழித்தால் வரும் தொகைதான்.

பணம் இரட்டிக்க எத்தனை ஆண்டாகும் என்பதற்கு 72ஐ வட்டி வீதத்தால் வகுக்கும் பழைய வழி உண்டு. 7.2 சதவீதத்துக்கு அது பத்து ஆண்டு. துண்டான 5 லட்சம் பத்து ஆண்டில் 10 லட்சம், இருபது ஆண்டில் 20 லட்சம். ஆகவே மாதம் 12,000 எடுத்தால் ஏறக்குறைய இருபது ஆண்டு வரும். வட்டி மாதாமாதம் கூடுவதாகக் கொண்டு துல்லியமாகப் போட்டால் 231 மாதம் கடந்து, பத்தொன்பது ஆண்டு நான்கு மாதத்தை ஒட்டி நிற்கிறது. மனக்கணக்குக்கும் துல்லியக் கணக்குக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம்.

அதே வழியில் மச்சான் கேட்ட 15,000ஐப் பார்த்தோம். 15,000 வட்டியாகவே வர 25 லட்சம் வேண்டும்; துண்டு 10 லட்சம். அது 25 லட்சமாக, அதாவது இரண்டரை மடங்காக வளர வேண்டும். பத்து ஆண்டில் 20 லட்சம், அதற்கு மேல் மூன்றாண்டுக்குள் 25. துல்லியமாகப் பன்னிரண்டு ஆண்டு ஒன்பது மாதம். மச்சான் போட்ட எட்டு ஆண்டு நான்கு மாதத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று அவர் முகம் மலர்ந்தது. ஆனால் 15,000ஐ 12,000 ஆக்கினால் எடுப்பது ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. காலமோ ஆறரை ஆண்டு நீள்கிறது. 11,000 என்றால் இருபத்து மூன்று ஆண்டு ஒன்பது மாதம். 10,000 என்றால் முப்பத்திரண்டு ஆண்டு. 9,000ஐ நெருங்க நெருங்க, குறைக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைக்கும் ஆண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. எதிர்ப்பக்கம் போனால், மாதம் 20,000 எடுத்தால் எட்டு ஆண்டு நான்கு மாதம். மச்சான் வட்டியில்லாமல் 15,000க்குப் போட்ட அதே காலம்.

இதைக் கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள விரிதாளில் போட்டுப் பார்க்க ஒரே வரி போதும். மாத வட்டி, மாதம் எடுப்பது, முதல் என்ற வரிசையில் எழுத வேண்டும். முதல் நாம் போடுவது என்பதால் அதற்குக் கழித்தல் குறி.

```
=NPER(0.006, 12000, -1500000)
```

விடை 231.7 என்று வரும். அது மாதக் கணக்கு. கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடையே கழித்தல் எண்ணாக வரும். மாத வட்டிக்குப் பதில் ஆண்டு வட்டியான 0.072ஐப் போட்டால் #NUM! என்று பிழை காட்டும். மாதம் 12,000 எடுத்தாலும் அந்த வட்டியில் பணம் தீரவே தீராது என்பதுதான் அந்தப் பிழையின் பொருள். எடுக்கும் தொகை 9,000க்குக் குறைவாக இருந்தாலும் இதே பிழை வரும். அப்போது அது பிழையில்லை, நல்ல செய்தி.

மச்சான் பன்னிரண்டு ஆண்டு ஒன்பது மாதத்துக்கு ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். "எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் ஓடுனா போதும் மாப்ள, அதுக்கு மேல என்ன இருக்கு" என்றார். அதுவரை கருவாட்டுக்கு மாற்றும் சாளையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்த அக்கா அங்கிருந்தபடியே கேட்டாள்: "ஒங்களுக்குச் சரி. எனக்கு அப்ப எழுவதுதான் ஆகும். அதுக்கப்புறம் நான் யார்ட்டப் போயி நிக்கிறது தம்பி?"

அக்காவுக்கு அப்போது 57 வயது. கணவனும் மனைவியும் ஒரே பணத்தில் வாழும்போது கணக்கை இளையவரின் வயதை வைத்துத்தான் போட வேண்டும். ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றி ஆண்கள் தங்கள் வயதை மட்டும் வைத்துப் பேசுவதை என் வேலைக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தின் பிற்பகுதியில் வாழப்போவது பெரும்பாலும் மனைவிதான். 12,000 என்றால் அக்காவுக்கு 76 வயது வரை வரும். 11,000 என்றால் எண்பதைத் தாண்டும். பேசிப் பேசி 12,000த்தில் நின்றது. மகன் கடலுக்குப் போகும் மாதங்களில் 11,000த்தோடு சமாளிப்பது என்று அக்கா தனக்குள் ஒரு முடிவு வைத்துக்கொண்டாள். வங்கிக் கணக்குகள் எல்லாவற்றிலும் அக்காவின் பெயரையும் சேர்த்தோம்.

பணம் எப்படிக் கரையும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால் தொடக்க ஆண்டுகள் ஏமாற்றிவிடும். 12,000 எடுத்துக்கொண்டே போனால் முதலாண்டு முடிவில் மிச்சம் 14,62,788. ஓராண்டு முழுக்கச் செலவு செய்தும் 37,000தான் குறைந்திருக்கிறது. ஐந்தாண்டு முடிவில் 12,84,000. பத்தாண்டு முடிவில் 9,75,000. மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் முடிந்த பிறகும் முதலில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் யாருக்கும் கை தாராளமாகிவிடும். பதினைந்தாம் ஆண்டு முடிவில் 5,32,000; அது நாலேகால் ஆண்டில் மொத்தமாகப் போய்விடுகிறது. முதல் ஐந்தாண்டில் இரண்டு லட்சத்துச் சொச்சம் கரைந்த அதே முதல், கடைசி நாலேகால் ஆண்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் கரைகிறது. துண்டுக் கடன் இரட்டித்து இரட்டித்து ஏறுவதன் விளைவு இது.

இதிலிருந்துதான் நான் மச்சானிடம் மிகவும் வற்புறுத்திய ஒன்று வருகிறது. தொகை கைக்கு வந்த முதல் ஆண்டில்தான் எல்லாத் தேவைகளும் வரிசையில் வந்து நிற்கும். வீட்டு மேல்தளத்தில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய 2 லட்சம் கேட்டார்கள். 2 லட்சம் என்பது மாதம் 12,000 வீதம் பதினாறு, பதினேழு மாதச் செலவு. ஒன்றரை ஆண்டுகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் முதலிலேயே 2 லட்சத்தை எடுத்து 13 லட்சத்தோடு தொடங்கினால் துண்டு 5 லட்சத்திலிருந்து 7 லட்சமாகிறது. காலம் பத்தொன்பது ஆண்டு நான்கு மாதத்திலிருந்து பதினாலு ஆண்டு ஏழு மாதமாகச் சுருங்குகிறது. பதினேழு மாதச் செலவை எடுத்ததற்கு ஐம்பத்தாறு மாதம் போகிறது. அதே 2 லட்சத்தைப் பதினாலாம் ஆண்டு முடிவில் எடுத்தால் போவது இருபத்து மூன்று மாதம்தான். எவ்வளவு எடுத்தோம் என்பதோடு எப்போது எடுத்தோம் என்பதும் சேர்ந்துதான் காலத்தைத் தீர்மானிக்கிறது.

மேல்தளம் விழுந்துவிடும் நிலையில் இருந்தால் செய்துதான் ஆக வேண்டும்; கணக்கைக் காட்டி வீட்டை இடியவிட முடியாது. ஆனால் அந்த முறை மொத்தத் தளத்தையும் மாற்றாமல், அபாயமாக இருந்த ஓர் அறையை மட்டும் வெளிநாட்டு மகன் அனுப்பிய பணத்தில் சரிசெய்தார்கள். முதலைத் தொடவில்லை. வண்டி வாங்கும் பேச்சும் அப்போது எழுந்து அடங்கியது.

எங்கள் கடற்கரைக்கே உரிய இன்னொரு கசிவு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் விசைப்படகில் பங்குக்குப் போகும் மகனுக்கு வருமானம் இல்லை; அவன் குடும்பமும் அக்கா வீட்டு அடுப்பைத்தான் நம்பும். அந்த இரண்டு மாதமும் 8,000 கூடுதலாக எடுத்தால் ஆண்டுக்கு 16,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 1,333தான். ஆனால் மாதம் 13,333 எடுப்பதாக ஆகும்போது காலம் பதினைந்து ஆண்டு எட்டு மாதமாகிவிடும்; மூன்றரை ஆண்டுக்கு மேல் போய்விடுகிறது. ஆண்டுக்கு இரண்டே மாதம்தானே என்று நினைக்கத் தோன்றும் செலவு இது. அதனால் தடைக்காலத்துக்கென்று மகன் தன் பங்குப் பணத்திலிருந்தே தனியாகச் சிறுகச் சேர்ப்பது என்று ஏற்பாடு ஆனது. அவனுக்கு அதில் முழு விருப்பம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்ன கணக்கில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பத்தொன்பது ஆண்டும் அதே 12,000 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாது. அரிசியும் மருந்தும் எரிவாயுவும் விலை ஏறும். எடுக்கும் தொகையை ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், இரண்டாம் ஆண்டு 12,720, ஐந்தாம் ஆண்டு 15,150, பத்தாம் ஆண்டு 20,270 என்று போகும்; பணம் பதினோரு ஆண்டு ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டியே இல்லாமல் மாதம் 12,000 எடுத்தால் பத்து ஆண்டு ஐந்து மாதம் வரும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைவாசி ஏறும் வேகம் வட்டியை நெருங்கும்போது, வட்டி சம்பாதித்ததெல்லாம் விலைவாசிக்கே போய்விடுகிறது. வட்டியில்லாத கணக்கும் வட்டியுள்ள கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன.

மச்சானுக்கு இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் எடுத்த முடிவு இடைப்பட்டது. ஆண்டுதோறும் தொகையை உயர்த்துவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி கணக்குப் போட்டு, அப்போதைய முதலையும் அக்காவின் வயதையும் வைத்து உயர்த்த முடியுமா என்று பார்ப்பது. வெளிநாட்டு மகன் அனுப்புவதை அன்றாடச் செலவில் கலக்காமல், விலையேற்றத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்குவது. நிலையான தொகையை மட்டும் நம்பி இருபது ஆண்டு திட்டமிடுகிறவர்களுக்கு இப்படி இன்னொரு வருமானமும் இல்லையென்றால், முதலாண்டில் எடுக்கும் தொகையை வட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பேச்செல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் இரண்டு ரூபாய் வட்டி தருவதாகச் சொல்லி வந்தார். 15 லட்சத்துக்கு மாதம் 30,000. மச்சான் கேட்ட தொகையைப்போல் இரண்டு மடங்கு, முதலும் குறையாது. கணக்கில் அது சரிதான். ஆனால் மேலே சொன்ன கணக்குகள் எல்லாம், முதல் பத்திரமாக இருக்கிறது என்ற அடிப்படையில் நிற்பவை. பணத்தை வாங்கியவர் நான்காம் ஆண்டில் கைவிரித்துவிட்டால் எத்தனை ஆண்டு வரும் என்ற கேள்விக்கு விடை நான்கு ஆண்டுதான். மச்சான் படகுக்கு முன்பணம் வாங்கி வட்டி கட்டிய ஆள்; அந்த வட்டியை யாரால் தொடர்ந்து கட்ட முடியும், யாரால் முடியாது என்று அவருக்கே தெரியும். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கேள்வி, பணத்தை எங்கே போட்டு மாதம் 12,000 எடுப்பது என்பது. சேமிப்புக் கணக்கில் அப்படியே போட்டு எடுப்பதுதான் எளிது. ஆனால் வட்டி 3 சதவீதம் என்று வைத்தால்கூட 12,000 எடுக்கும்போது பன்னிரண்டரை ஆண்டுதான் வரும். மொத்தத்தையும் ஒரே வைப்புநிதியாகப் போட்டால், வட்டிக்கு மேல் முதலிலிருந்து எடுக்க முடியாது. முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் பிடித்தம் உண்டு. அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டமும் வட்டியை மட்டும் தருவது. முதலை மாதாமாதம் பிரித்துத் தராது. அதனால் தொகையை மூன்றாகப் பிரித்தோம்.

9 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அறுபது வயது ஆனவர்களுக்கான ஐந்தாண்டுத் திட்டம் அது. 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம், போடும்போது இருக்கும் வீதமே ஐந்தாண்டும் தொடரும். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்: 9 லட்சத்துக்கு 18,450, மாதத்துக்கு 6,150 வீதம். 3 லட்சத்தை வங்கியில் ஆனுயிட்டி டெபாசிட் என்ற வகையில் அறுபது மாதத்துக்குப் போட்டோம். நாம் கட்டும் கடன் தவணையைத் திருப்பிப் போட்டதுபோல, வங்கி நமக்கு முதலும் வட்டியும் சேர்த்து மாதத் தவணையாகத் தந்து, காலம் முடியும்போது கணக்கைச் சுழியமாக்குவது அது. பாரத ஸ்டேட் வங்கியில் இந்த வகை உண்டு. 6.5 சதவீத வட்டிக்கு 3 லட்சம் மாதம் ஏறக்குறைய 5,870 தரும். இரண்டும் சேர்ந்து 12,020. மிச்சம் 3 லட்சம், ஐந்தாண்டுக்குத் தொடாத வைப்புநிதி; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்ந்து, 6.5 சதவீதத்தில் அது 4,14,000 ஆகும்.

ஐந்தாண்டு முடிவில் கையில் இருக்கப்போவது 9 லட்சமும் 4,14,000மும் சேர்ந்து 13,14,000. ஒரே பானையில் 7.2 சதவீதத்துக்கு வைத்திருந்தால் இருந்திருக்கும் 12,84,000ஐவிட இது கூடுதல். நான் தாளில் போட்ட வீதம் நடைமுறையில் கிடைக்கக்கூடியதுதான் என்பதற்கு இது சான்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டிக்காக முதல் காலாண்டில் பணம் குறையாமல் இருக்க, வேறு சேமிப்பிலிருந்து 20,000 ரூபாயை முன்னதாகவே சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தோம். இதைச் செய்யாதவர்கள் இரண்டாம் மாதமே வைப்புநிதியை உடைக்கப் போய் நிற்பார்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தையும் அவசரத்துக்கு உடைக்கலாம். ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் என்றால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதமும், அதற்குப் பிறகு என்றால் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். அதனால் அவசரம் வந்தால் முதலில் உடைக்க வேண்டியது வங்கி வைப்புநிதியைத்தான். அதற்காகவே அந்த 3 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சமாக மூன்று ரசீதாகப் போட்டோம்.

ஐந்தாண்டுக்குப் பிறகு வட்டி என்னவாக இருக்கும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது. இதே மூத்த குடிமக்கள் திட்டம் 2020 ஏப்ரலில் தொடங்கி இரண்டாண்டுக்கு மேல் 7.4 சதவீதத்தில்தான் இருந்தது. ஐந்தாண்டு முடிவில் 12,84,000 மிச்சம் இருக்கும்போது வட்டி 6 சதவீதமாக இறங்கிவிட்டால், மொத்தக் காலம் பத்தொன்பது ஆண்டு நான்கு மாதத்திலிருந்து பதினேழு ஆண்டு ஒன்பது மாதமாகக் குறையும். தொடக்கத்திலிருந்தே 6 சதவீதம் என்றால் பதினாறு ஆண்டு நாலரை மாதம்தான். எடுக்கும் தொகை செய்யும் மாற்றத்தைவிட இது சிறியது என்றாலும், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதிய வீதத்தைப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் நிற்கும் நாள்களில், அஞ்சலகப் புத்தகத்தையும் வங்கி ரசீதுகளையும் எடுத்து வைத்து மொத்த மிச்சத்தைக் கூட்டுகிறோம். முதலாண்டு முடிவில் மூன்றும் சேர்ந்து 14,67,000ஐ ஒட்டி இருக்க வேண்டும். தாளில் எழுதிய ஒரே பானைக் கணக்கின்படி மூன்றாண்டு முடிவில் 13,80,000. அப்போது 40,000 குறைவாக, 13,40,000தான் இருக்கிறது என்றால், மாதம் 12,000த்தை 11,650 ஆக்கினால் பழைய காலமே திரும்பக் கிடைக்கும்; குறைக்க வேண்டியது மாதம் 350 ரூபாய். அதே 40,000 குறைவைக் கவனிக்காமல் இருந்து பதினைந்தாம் ஆண்டில் கண்டால், மாதம் 900 ரூபாய் குறைக்க வேண்டும். அக்கா இந்த எண்களை மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில் ஆண்டுவாரியாக எழுதச் சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறாள்; மச்சானைவிட அவள்தான் ஏப்ரல் வந்தால் எனக்குப் போன் செய்கிறாள்.